சரிபாதியில்தான் பலம்

ஒரு லிட்டர் தூய நீரில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கலந்தால், அதன் பி.எச். 7-இலிருந்து 2-க்குச் சரிந்துவிடும். அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் தலா 0.1 மோல் கரைந்துள்ள ஒரு லிட்டர் கரைசலில் அதே அளவைக் கலந்தாலோ, 4.76 ஆக இருந்த பி.எச். 4.67 ஆகிறது, அவ்வளவுதான். இதுதான் தாங்கல் கரைசல்.

புதிதாக வந்த ஹைட்ரஜன் அயனிகளை அசிட்டேட் பிடித்துக்கொண்டு அசிட்டிக் அமிலமாக மாறிவிடுகிறது. காரம் வந்தால் அசிட்டிக் அமிலம் அதை எதிர்கொண்டு அசிட்டேட்டாகிறது. இரண்டும் ஒரே பொருளின் இரு வடிவங்கள். கரைசலின் பி.எச்.சைத் தீர்மானிப்பது இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதம்.

அந்த விகிதம் எவ்வளவு எளிதில் குலைகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மொத்த அளவை மாற்றாமல், அமிலம் 0.18 மோல், அசிட்டேட் 0.02 மோல் என்று வைத்துப் பார்க்கலாம். விகிதம் 9-க்கு 1, பி.எச். 3.81. இதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்ததும் அசிட்டேட்டில் பாதி தீர்ந்து, விகிதம் 19-க்கு 1 ஆகிறது. பி.எச். 3.48-க்கு இறங்குகிறது. சரிபாதிக் கரைசலில் நேர்ந்த சரிவைப் போல இது ஏறக்குறைய நான்கு மடங்கு. இன்னொரு 0.01 மோல் சேர்ந்தால் அசிட்டேட் அடியோடு தீர்ந்துபோகும். அதன் பிறகு அமிலத்தைத் தடுக்க ஆளே இல்லை.

சரி, அமிலம்தான் இவ்வளவு மிகுந்திருக்கிறதே, காரத்தையாவது நன்றாகத் தாங்காதா? இங்கேதான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். 0.01 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் பி.எச். 0.20 உயர்கிறது, சரிபாதிக் கரைசலில் 0.09-தான். அமிலம் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும், 0.02 மோலாக இருந்த அசிட்டேட் 0.03 ஆவது பெரிய மாற்றம். சிறிய பங்கு சற்று அசைந்தாலே விகிதம் பெரிதாக ஆடிப்போகிறது. இரு பங்குகளும் சமமாக இருக்கும்போது மட்டுமே, எது வந்தாலும் எளிதில் ஆடும் சிறிய பங்கு என்று ஒன்று இருப்பதில்லை.

இந்தத் தாங்கும் திறனை அளக்க 1922-இல் ஓர் அளவீட்டை வகுத்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் டொனால்ட் வான் ஸ்லைக். ஆய்வகங்களில் இன்றும், தேவைப்படும் பி.எச்.சுக்கு மிக நெருங்கிய பி.கே.ஏ. மதிப்புள்ள அமிலத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் ஒன்றாகும் இடம்தான் சரிபாதி.

மனித ரத்தம் இந்த விதிக்குப் புறம்பாக நடப்பதுபோலத் தோன்றும். அதில் பைகார்பனேட் 20 பங்கு என்றால், கரைந்த கார்பன் டை ஆக்சைடு ஒரு பங்குதான்; மூடிய குடுவையில் இது பலவீனமான கலவை. ஆனால் உடல் மூடிய குடுவை அல்ல. அமிலம் சேரும்போது பைகார்பனேட் அதைப் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடாகிறது. மூச்சு வேகமெடுத்து அதை வெளியேற்றிவிடுகிறது. நுரையீரல் நோயால் அந்த வழி அடைபட்டால், கார்பன் டை ஆக்சைடு தேங்கி ரத்தத்தின் பி.எச். 7.35-க்குக் கீழே இறங்கத் தொடங்கும்.