நோன்பு மாதத்துக்கு எதை வாங்கி வைக்கலாம், எதை வேண்டாம்?

ஷஃபான் மாதம் பாதி கடந்ததுமே இஸ்லாமியக் குடும்பங்களில் ரமலானுக்கான சாமான் பட்டியல் தயாராகிவிடும். நம் ஊரில் ஒரு நாள் நோன்பு ஏறக்குறைய 13 மணி நேரம். பட்டியலில் மற்ற எதையும்விட யோசித்து வாங்க வேண்டியவை இரண்டு: பேரீச்சம்பழமும் கஞ்சிச் சாமான்களும்தான்.

நால்வர் உள்ள குடும்பத்தில் நோன்பு திறக்க ஆளுக்கு மூன்று பழம் என்றால் மாதத்துக்கு 360 பழம். நடுத்தரப் பழம் ஒன்று எட்டு கிராம் அளவில் இருக்கும் என்பதால் மூன்று கிலோ போதும். மொத்தமாக வாங்கும்போது ரகம் பார்ப்பது முக்கியம். கறுத்து, மெத்தென்று, ஈரப்பதம் மிகுந்து டப்பாவில் வரும் கிமியா போன்ற பழங்கள் ஃப்ரிட்ஜில்தான் நிற்கும். வெளியே வைத்தால் புளித்துவிடும். மூடியைத் திறந்ததும் லேசான சாராய வாடை வந்தால் அந்த டப்பா கெட்டுவிட்டது. சற்று உலர்ந்த ரகம் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் மாதம் முழுவதும் தாங்கும். அதனால் உலர்ந்ததில் இரண்டு கிலோவை முதலிலேயே வாங்கிவிட்டு, மென்பழத்தை வாரம் கால் கிலோவாக வாங்குவதே நல்லது.

கடையில் ஒரு பழத்தைக் கேட்டு வாங்கிப் பிளந்து பாருங்கள். உள்ளே கொட்டையைச் சுற்றிக் கறுப்புத் தூளாக இருந்தால் பூச்சி விழுந்த சரக்கு. மேல்தோலில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சை அல்ல. பழத்தின் சர்க்கரையே சில சமயம் உறைந்து வெளியே தெரியும். லேசாகச் சூடு காட்டினால் அது கரைந்துவிடும். பஞ்சுபோல் இருந்து முக்க வாடையும் அடித்தால் பூஞ்சை, தூக்கிப் போட வேண்டியதுதான். பாக்கெட்டின் அடியில் பாகு தேங்கி, பழம் பளபளவென்று மின்னினால் லேபிளைப் படியுங்கள். குளுக்கோஸ் பாகு என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது கஞ்சி. பள்ளிவாசலில் கஞ்சி கிடைத்தாலும் வீட்டிலும் காய்ச்சுபவர்கள் உண்டு. நால்வருக்கு ஒரு வேளைக்குப் பச்சரிசி நொய் 150 கிராம், பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, வெந்தயம் அரை டீஸ்பூன் போதும். மாதக் கணக்கில் நொய் நாலரைக் கிலோ, பருப்பு ஒரு கிலோ, வெந்தயம் 100 கிராம். முழு அரிசியைவிட நொய்யில் வண்டு சீக்கிரம் வரும். எனவே நொய்யையும் பருப்பையும் தனித்தனியே வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்து, சில நாளிலேயே கட்டி தட்டும். இரண்டையும் கலந்து வைக்கலாம். வெந்தயத்தை மட்டும் பொடிக்காமல் தனியே வையுங்கள், பொடித்தால் மணம் போய்விடும். இஞ்சி பூண்டு விழுதை ஒரு வாரத்துக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். தேங்காய், புதினா, மல்லித்தழை இவற்றை அவ்வப்போது வாங்குவதே சரி.

குடிப்பதற்குச் சப்ஜா விதை கால் கிலோவும் பாதாம் பிசின் 50 கிராமும் வாங்கினால் மாதத்தை ஓட்டிவிடலாம். பிசினை முந்தின இரவே ஊறப்போட வேண்டும். சிறு துண்டு ஒன்றே ஒரு கிண்ணம் நிறைய உப்பிவிடும். சப்ஜாவுக்கு இருபது நிமிடம் போதும். நன்னாரி சர்பத் ஒரு பாட்டிலுக்கு மேல் வேண்டாம், அதில் பெரும்பகுதி சர்க்கரைப் பாகுதான். குளிர்பான பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக அடுக்குவதை நான் ஏற்பதில்லை. பழமும் தண்ணீரும் உள்ளே போனபின் கஞ்சி, அதற்குப் பிறகு இடமிருந்தால் இரண்டு வடை அல்லது சமோசா என்ற வரிசையைக் கடைப்பிடித்தால் சர்பத்தைத் தேடத் தோன்றாது.

சஹருக்கென்று தனியாக வாங்க அதிகம் இல்லை. அப்பளம், ஊறுகாய், கருவாடு இவற்றை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த உப்புதான் மதியத்திலேயே நாக்கை வறள வைக்கிறது. முட்டை, தயிர், கம்பு அல்லது கேழ்வரகு மாவு இருந்தால் பசி தாங்கும். நாலைந்து வேளை டீ குடிப்பவர்கள் முதல் நோன்புக்கு ஒரு வாரம் முன்பே படிப்படியாகக் குறைத்துக்கொண்டால், முதல் இரண்டு நாள் வாட்டும் தலைவலி குறையும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாமான் வாங்கும் முன் மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தின் நேரத்தையும் அளவையும் எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவிக்கான ஸ்ட்ரிப்பும் குளுக்கோஸ் பொடியும் கட்டாயம் இருக்கட்டும். அளவு 70க்குக் கீழே இறங்கினால் பாங்குக்காகக் காத்திராமல் அப்போதே நோன்பை முறித்துவிட வேண்டும்.