தாசில்தாரைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் எந்த நம்பரைச் சொல்லப்போகிறீர்கள் என்று பாருங்கள்

“மேடம், பட்டா மாறுதலுக்குப் போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. இன்னும் வரல.”

“நம்பர் சொல்லுங்கம்மா.”

“டாக்குமெண்ட் நம்பர் 2345.”

“அது ரிஜிஸ்டர் ஆபீஸ் நம்பரும்மா. எங்க நம்பர் சொல்லுங்க.”

தாலுகா அலுவலகத்தில் இந்த உரையாடல் தினமும் நடக்கும். அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனவர் பதில் தெரியாமல் திரும்பி வருவார். அலுவலகத்தில் யாரும் அவரை விரட்டியிருக்க மாட்டார்கள். கையில் இருந்த எண்ணைக் கொண்டு அங்கே எதையும் தேட முடியாது, அவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர், சொந்த ஊருக்குப் பக்கத்தில் 5 சென்ட் இடம் வாங்குகிறார். சர்வே எண் 112/3. அந்தப் புலத்தின் மொத்தப் பரப்பு 40 சென்ட். 2024 ஆகஸ்ட் 12-ம் தேதி பத்திரப்பதிவு முடிந்து, அதே நாளில் பட்டா மாறுதல் விண்ணப்பமும் ஆன்லைனில் தாலுகாவுக்குப் போய்விட்டது. ஜனவரி வந்தும் பட்டா வரவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, இது உட்பிரிவு தேவைப்படும் விண்ணப்பம். 40 சென்ட்டையும் அப்படியே வாங்கியிருந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதும். 5 சென்ட்டைத் தனியாகப் பிரிக்க வேண்டுமென்றால் நில அளவர் நேரில் வந்து அளக்க வேண்டும். பிறகு புதிய உட்பிரிவு எண் கொடுத்து, புலப்படத்தில் கோடு போட்டு, மேலே அனுப்ப வேண்டும். கடைசியில்தான் தாசில்தார் உத்தரவு. அதாவது, ஃபைல் பெரும்பாலும் தாசில்தார் மேசையில் தூங்குவதில்லை. அவர் மேசைக்கே அது இன்னும் வந்திருக்காது.

எனவே கடிதம் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். eservices.tn.gov.in தளத்தில் விண்ணப்ப நிலை பகுதிக்குப் போய், பட்டா மாறுதல் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒப்புகைச் சீட்டிலோ, மொபைலுக்கு வந்த குறுஞ்செய்தியிலோ அந்த எண் இருக்கும். ஃபைல் இப்போது யாரிடம் நிற்கிறது என்று அங்கே தெரியும். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று இருந்தால் நேரம் கேட்டுக் கடிதம் எழுதிப் பலனில்லை. காரணத்தைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். நம் உதாரணத்தில் அது நில அளவரிடம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கடிதம். அரசு அலுவலகக் கடிதத்தில் ‘பொருள்’ என்பதற்குக் கீழே ‘பார்வை’ என்று ஒரு பகுதி வரும். பலர் இதைச் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். தபாலைப் பிரிக்கும் எழுத்தர் முதலில் பார்ப்பதே அந்த இடத்தைத்தான். கடிதம் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், எந்த ஃபைலோடு சேர வேண்டும் என்பது அங்கே இருக்கும் எண்களை வைத்துத்தான் முடிவாகும்.

*பெறுநர்: வட்டாட்சியர் அவர்கள், வட்டாட்சியர் அலுவலகம்.*

*பொருள்: உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல் – விண்ணப்பம் நிலுவை – நேரில் சந்திக்க நேரம் கோருதல் – தொடர்பாக.*

*பார்வை: 1. பட்டா மாறுதல் விண்ணப்ப எண் (ஒப்புகைச் சீட்டில் உள்ளபடி முழுமையாக), நாள் 12.08.2024. 2. கிரைய ஆவண எண் 2345/2024, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர்.*

*ஐயா / அம்மையீர், மேற்படி கிராமம், சர்வே எண் 112/3-ல் 5 சென்ட் நிலத்தைக் கிரையம் பெற்றுள்ளேன். பார்வை 1-ல் கண்ட விண்ணப்பம் நில அளவரிடம் நிலுவையில் இருப்பதாக இணையதளத்தில் தெரிகிறது. நிலத்தை அளக்க எனக்கு இதுவரை அறிவிப்பு வரவில்லை. அளவைக்கு நாள் குறிப்பது தொடர்பாகத் தங்களை நேரில் சந்திக்க, வரும் 21, 22, 23 தேதிகளில் ஏதேனும் ஒரு நாள் நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.*

இவ்வளவு போதும். விண்ணப்ப எண் முதலில், ஆவண எண் அடுத்து. இரண்டில் ஒன்று மட்டும்தான் இருக்கிறது என்றால் விண்ணப்ப எண்ணைக் கொடுங்கள். ஆவண எண்ணை எழுதும்போது வருடத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒவ்வொரு வருடமும் எண் 1-லிருந்து தொடங்குவதால், வெறும் ‘2345’ என்றால் எந்த அலுவலகம், எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது.

கோரிக்கை ஒன்றே ஒன்று இருப்பதையும் பாருங்கள்: அளக்க ஒரு நாள். ‘தாமதத்துக்கு யார் காரணம்’, ‘பக்கத்து இடத்துக்கு மட்டும் எப்படி வந்தது’ என்பதையெல்லாம் இதே தாளில் சேர்த்தால், அதிகாரிக்கு எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாது. ‘விசாரிக்கிறோம்’ என்ற பதில்தான் வரும். தேதிகளில் திங்கட்கிழமை இல்லாததற்கும் காரணம் உண்டு. அன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். ஜமாபந்தி நடக்கும் நாட்களில் தாலுகா அலுவலகம் முழுக்க அதில்தான் இருக்கும். ஆனால் அப்போது இதே மனுவை ஜமாபந்தி அலுவலரிடமே கொடுக்கலாம்.

கடிதத்தின் கடைசியில் ‘இணைப்பு’ என்று போட்டு, பேப்பர்களை வரிசையாக எழுதுங்கள்: விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு, கிரையப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, தற்போதைய பட்டா, அடையாள அட்டை. எல்லாமே நகல்தான், ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்து. ஒரிஜினலை எடுத்துப் போங்கள், காட்டுங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ‘வெச்சுட்டுப் போங்க, பாக்கறோம்’ என்று சொன்னாலும் ஒரிஜினல் பத்திரத்தை விட்டுவிட்டு வரக் கூடாது.

இந்தப் பேப்பர்களை அடுக்கும்போதே பெரும்பாலும் உண்மையான சிக்கல் கண்ணில் படும். தற்போதைய பட்டாவை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? இடத்தை விற்றவர் பெயரில் இருந்தால் நல்லது. அவருடைய மறைந்த தாத்தா பெயரிலேயே இருக்கிறது என்றால், ஃபைல் நகராததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். தாத்தாவிடமிருந்து விற்றவருக்கு நிலம் எப்படி வந்தது என்பதைக் காட்டும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாம் வேண்டும். இவை விற்றவர் குடும்பத்திடம்தான் இருக்கும். தாசில்தாரைப் பார்ப்பதற்கு முன் அவர்களுக்கு ஒரு போன் போடுவது உத்தமம்.

பரப்பளவையும் ஒப்பிடுங்கள். பத்திரத்தில் சென்ட் கணக்கு இருக்கும், பட்டாவில் ஹெக்டேர்-ஏர். 1 சென்ட் என்பது சுமார் 40.5 சதுர மீட்டர், 100 சதுர மீட்டர் ஓர் ஏர். அப்படியென்றால் 5 சென்ட் சுமார் 2.02 ஏர். ஏற்கெனவே விற்ற பாகங்களைக் கழித்தால் 112/3-ல் அவ்வளவு இடம் மிச்சம் இல்லை என்று தெரியவந்தால், அதை நீங்களே முதலில் கண்டுபிடிப்பது நல்லது.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, அலுவலகத் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம்.

பதில் எழுத்தில் வராமலும் போகலாம். நீங்கள் குறிப்பிட்ட தேதியில் முத்திரை போட்ட பிரதியோடு போனால், ‘நேரம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கேன்’ என்று சொல்ல ஆதாரம் இருக்கும். உள்ளே போனதும் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டாம். “சார், விண்ணப்ப எண் இது. சர்வேயர்கிட்ட நிக்குது. அளக்க ஒரு தேதி வேணும்.” அதிகாரி பேப்பரில் ஏதாவது எழுதி நில அளவருக்கு அனுப்பினால், எந்தத் தேதியில் என்ன எழுதினார் என்பதை உங்கள் பிரதியின் பின்பக்கத்தில் குறித்துவையுங்கள். நில அளவர் தேதி சொன்னதும் பக்கத்து நிலக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அளக்கும் நாளில் அவர்கள் தகராறு செய்தால், ஃபைல் மறுபடி அதே இடத்தில் நின்றுவிடும்.

எதுவும் நகரவில்லையா? 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் புகார் பதியலாம். அல்லது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, ‘இந்த எண் கொண்ட விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் யாரிடம் இருந்தது?’ என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தக் கேள்வியிலும் போட வேண்டியது அதே விண்ணப்ப எண்தான்.