நீலச் சட்டை வெள்ளையாக வேண்டுமா? மடிப்பு கலையாமல் நிறம் மாற்றும் முறை

ஈப்போ: கருமக்கிரியைக்கு இன்னும் சில நாள்களே இருக்கும். தோட்டத்தில் பால்மரம் சீவி வாழ்ந்த அப்பாவுக்குத் தனியாக எடுத்த படம் என்று ஒன்றும் இருக்காது. பேத்தியின் திருமணத்தில், மண்டப விளக்கு வெளிச்சத்தில் எடுத்த ஒரே படத்தில் முகம் தெளிவாக இருக்கும். ஆனால், உடுத்தியிருப்பது அடர் நீலச் சட்டை. “தம்பி, அப்பா கோயிலுக்கு வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதையே மாத்திக் கொடுங்க” என்று பிள்ளைகள் கேட்பார்கள். “சிவப்பு, பச்சைன்னா உடனே முடிச்சிடலாம்க்கா. வெள்ளைதான் வேலை வாங்கும்” என்பார் கடைக்காரர்.

நினைவஞ்சலிப் படம் தயாரிக்கும் கடைகளில் வழக்கமாக நடக்கும் உரையாடல் இது. பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது பல வீடுகளில் படங்கள் தொலைந்தன. மிஞ்சிய ஒன்றிரண்டில்தான் இந்த வேலை நடக்கிறது. அவசரத்தில் செய்தால் சட்டை, காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகிவிடும். சுவரில் பல ஆண்டுகள் தொங்கப்போகும் படம் என்பதால் அந்தக் குறை தினமும் கண்ணில் படும்.

தட்டையாவது ஏன்?

சட்டை ஒரே நிறத் துணிதான். ஆனால், படத்தில் அது ஒரே நிறமாகப் பதிவாவதில்லை. தோளில் விளக்கு விழும் இடம் வெளிறியிருக்கும். கை மடங்கும் இடமும் அக்குளும் இருண்டிருக்கும். அதாவது, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு செய்திகள் கலந்துள்ளன. ஒன்று துணியின் சாயம். மற்றொன்று அந்த இடத்தில் விழுந்த வெளிச்சத்தின் அளவு. தூரிகையால் நேரடியாக வெள்ளை பூசினால் இரண்டும் சேர்ந்தே அழிகின்றன. சாயத்தை மட்டும் மாற்றி வெளிச்சத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் கலப்பு முறைகளின் வேலை.

போட்டோஷாப்பில் அடுக்குகள் 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அறிமுகமாயின. ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கை வைத்து, இரண்டும் எந்தக் கணக்கில் கலக்க வேண்டும் என்று சொல்வதே கலப்பு முறை. யோசனை அதைவிடப் பழையது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டிய ஸ்டூடியோக்காரர்கள் ஒளி ஊடுருவும் சாயத்தைத்தான் பயன்படுத்தினார்கள். சாயத்துக்கு அடியில் இருந்த நிழல் மறையாமல் தெரிந்ததால், சேலைக்கு நிறம் ஏறியும் கொசுவம் கலையவில்லை.

முதல் வழி: Color

முதலில் சட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு மறைப்பு, அதாவது மாஸ்க் உருவாக்க வேண்டும். பொத்தான், பையில் செருகிய பேனா, கழுத்து மாலை ஆகியவற்றை அதற்கு வெளியே விட வேண்டும். பிறகு புதிய அடுக்கில் வேண்டிய நிறத்தை நிரப்பி, அதன் கலப்பு முறையை `Color` என்று மாற்ற வேண்டும். கிம்ப் செயலியில் இதன் பெயர் `HSL Color`.

இந்த முறை மேல் அடுக்கிலிருந்து நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வெளிச்சத்தின் அளவைக் கீழே இருக்கும் படத்திலிருந்து எடுக்கிறது. அதனால் அடர் நீலம் அடர் பச்சையாகவோ அரக்காகவோ மாறும்போது மடிப்பு அப்படியே இருக்கிறது. கடைக்காரர் “உடனே முடிச்சிடலாம்” என்றது இதைத்தான்.

வெள்ளையில் இது ஏன் தோற்கிறது? மேலே சொன்ன நீலச் சட்டையில் வெளிச்சம் படும் ஓர் இடத்தின் அளவு சிவப்பு 35, பச்சை 60, நீலம் 140 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 255. நம் கண்ணுக்குப் பச்சை மிகப் பிரகாசமாகவும் நீலம் மிக மங்கலாகவும் தெரிவதால், போட்டோஷாப்பின் `Color` முறை மூன்றையும் சமமாகக் கூட்டுவதில்லை. அதன் கணக்கு இது:

```
0.30 × 35 + 0.59 × 60 + 0.11 × 140 = 61
```

இந்த இடத்தின் வெளிச்சம் 61 மட்டுமே. மேலே வெள்ளை நிரப்பி `Color` வைத்தால் நிறம் போய்விடும், 61 மாறாது. 255-க்கு 61 என்பது கரிச் சாம்பல். வெள்ளைச் சட்டை கேட்டவருக்குக் கிடைப்பது சாம்பல் சட்டை. மஞ்சள் கேட்டாலும் இதே கதைதான். தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ முருகன் கோயிலுக்குப் போகும்போது உடுத்தும் பளிச்சென்ற மஞ்சள் வராது, சேற்றுப் பழுப்புதான் வரும். மஞ்சள் இயல்பிலேயே வெளிச்சம் மிகுந்த நிறம். அந்த வெளிச்சம் அடர் நீலத் துணியின் படத்தில் இல்லை.

இரண்டாம் வழி: முதலில் வெள்ளைத் துணி

ஆகவே, நிறத்தை மாற்றுமுன் வெளிச்சத்தை உயர்த்த வேண்டும். பலர் இங்கே சட்டையைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு, `Levels` கருவியால் இழுத்து வெளுக்கச் செய்கிறார்கள். 61-ஐ 210 அளவுக்குக் கொண்டுவர மூன்றரை மடங்கு இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் படத்தில் ஒளிந்திருந்த புள்ளிகளும் கூடவே மூன்றரை மடங்காகப் பெரிதாகித் தெரியும்.

இதைவிட நல்ல வழி, கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவதை விட்டுவிட்டு, எந்த நிறத்தில் தகவல் அதிகம் இருக்கிறது என்று பார்ப்பது. நீலத் துணி நீல ஒளியைத்தான் நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. அதனால் அந்தச் சட்டையின் நீல அளவில் மட்டும் வெளிச்சம் 140 இருக்கிறது. மடிப்பின் இருட்டில் அதே நீலம் 70 என்று கொள்வோம். சட்டை மறைப்பின் மேல் `Channel Mixer` வைத்து, `Monochrome` பெட்டியைத் தேர்வு செய்து, சிவப்பை 0, பச்சையை 0, நீலத்தை 100 என்று கொடுத்தால், சட்டை ஓரளவு வெளிறிய சாம்பலாகும். கிம்பில் இதே வேலையை `Mono Mixer` செய்கிறது. சிவப்புச் சட்டை என்றால் சிவப்பை 100 ஆக்க வேண்டும்.

அடுத்து `Levels`. மேல் வரம்பை 255-இலிருந்து 170-க்குக் கொண்டுவந்தால், 140 இருந்த இடம் 210 ஆகிறது, மடிப்பின் 70 இருந்த இடம் 105 ஆகிறது. இழுப்பு ஒன்றரை மடங்குதான். ஆனால், வெள்ளைச் சட்டைக்கு 105 இன்னும் இருட்டுதான். வெள்ளைத் துணியின் மடிப்புக்குள் வெளிச்சம் பக்கத்துக்குப் பக்கம் பட்டுத் தெறிப்பதால், அதன் நிழல் நீலத் துணியின் நிழலைவிட மென்மையாக இருக்கும். நடு அளவை 1.00-இலிருந்து 1.30-க்கு உயர்த்தினால் வெளிச்ச இடம் ஏறத்தாழ 220 ஆகவும், மடிப்பு ஏறத்தாழ 129 ஆகவும் வரும். இப்போது அது வெள்ளைத் துணியாகத் தெரியும்.

இந்த எண்கள் இந்த எடுத்துக்காட்டுக்கானவை. வேறு படத்தில் மேல் வரம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கருவியே காட்டும். போட்டோஷாப்பில் `Alt` விசையை அழுத்திக்கொண்டு மேல் வரம்பை நகர்த்தினால், முழு வெள்ளையாகி விவரம் அழியும் இடங்கள் தனியாகத் தெரியும். தோளிலும் கழுத்துப்பட்டையிலும் அவை பரவத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திப் பின்வாங்க வேண்டும். அழிந்த மடிப்பை வேறு எந்தக் கலப்பு முறையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

மூன்றாம் வழி: Multiply

இப்போதும் சட்டை ஒட்டவைத்ததுபோல்தான் இருக்கும். காரணம், அது முற்றிலும் நிறமற்ற வெள்ளை. மண்டப விளக்கின் கீழ் முகமும் வேட்டியும் மஞ்சள் சாயலோடு இருக்க, சட்டை மட்டும் தனியாக நிற்கும். புதிய அடுக்கில் மிக வெளிறிய பால் நிறத்தை, 255, 250, 238 என்ற அளவில் நிரப்பி, கலப்பு முறையை `Multiply` என்று வைத்தால் சாயல் ஒத்துப்போகும். படத்தில் வேட்டி தெரிந்தால் அதையே அளவுகோலாக வைத்துச் சரிபார்க்கலாம்.

`Multiply` என்பது பெயருக்கேற்பப் பெருக்கல். கீழே உள்ள அளவை மேலே உள்ள அளவால் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. எல்லாப் புள்ளிகளும் ஒரே எண்ணால் பெருக்கப்படுவதால் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. மடிப்பு பிழைப்பது இந்த விகிதத்தால்தான். வீட்டார் மனம் மாறி மஞ்சள் கேட்டாலும் முன்பு செய்தது வீணாகாது. வெள்ளைத் துணி தயாராக இருப்பதால், பால் நிறத்துக்குப் பதில் மஞ்சளை நிரப்பினால் போதும்.

பருத்திக்கு இது பொருந்தும். பட்டுச் சட்டையில் ஒன்று கவனிக்க வேண்டும். பட்டின் மினுமினுப்பு விளக்கின் நிறத்தில் இருக்கும், துணியின் நிறத்தில் இருக்காது. `Multiply` அந்த மினுமினுப்புக்கும் சாயம் ஏற்றிவிடும். மூலப்படத்தின் மினுங்கும் இடங்களை மட்டும் தனி அடுக்காக எடுத்து, `Screen` முறையில் குறைந்த அடர்த்தியில் மேலே வைத்தால் பளபளப்பு திரும்பும்.

எங்கே காட்டிக்கொடுக்கும்?

முடிந்த படத்தில் மூன்று இடங்களைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். முதலாவது ஓரம். கழுத்தையும் கையையும் சுற்றி மெல்லிய நீலக் கோடு தெரிந்தால், மறைப்பை ஒன்றிரண்டு புள்ளி வெளியே விரித்து, ஓரத்தைச் சற்று மென்மையாக்க வேண்டும்.

இரண்டாவது மோவாயின் அடிப்பக்கம். நீலச் சட்டையில் பட்ட ஒளி தெறித்துத் தோலிலும் நீலம் ஏறியிருக்கும். சட்டை வெள்ளையான பிறகு அது நோயாளியின் முகம்போலக் காட்டும். கன்னத்தின் நிறத்தை எடுத்து, தனி அடுக்கில் `Color` முறையில், 20 முதல் 30 விழுக்காடு அடர்த்தியில் லேசாகத் தடவினால் சரியாகும்.

மூன்றாவது இருண்ட மடிப்புகள். அங்கே சிறுசிறு சதுரங்கள் தெரிந்தால் தவறு திருத்தியவருடையது அல்ல, கொடுத்த படத்துடையது. ஜேபெக் கோப்பு படத்தை 8-க்கு 8 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. புலனத்தில் வரும் படம் மேலும் சுருங்கியிருக்கும். வெளிச்சத்தை உயர்த்தும்போது அந்தச் சதுரங்களும் மேலெழுகின்றன. அதனால்தான் கடைக்காரர்கள், கைப்பேசியிலிருந்தே மூலக்கோப்பைக் கேட்கிறார்கள். அச்சிட்ட படம் மட்டும் இருந்தால், அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாமல், ஆல்பத்தோடு நேரில் கொண்டுபோய் வருடியில் வைத்து எடுக்கச் சொல்வது நல்லது.

சில படங்களில் இந்த வழி செல்லாது. பாத்தேக் சட்டையின் பூக்கள் நிறம் நீங்கிய பிறகும் கறையாக நிற்கும். விளக்கு நேராக விழுந்து முற்றிலும் வெளுத்த தோளிலோ, கருமையில் மூழ்கிய கையிலோ மடிப்பே பதிவாகியிருக்காது. அங்கே கையால் வரைய வேண்டியிருக்கும். இல்லாவிட்டால், நீலச் சட்டையையே விட்டுவிடலாம்.

எந்த முடிவானாலும் மூலப்படத்தின் மேல் சேமிக்கக் கூடாது. அடுக்குகளோடு ஒரு கோப்பு, அச்சுக்கு ஒரு கோப்பு, திருத்தாத மூலம் ஒன்று என மூன்றையும் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சுவரில் வெள்ளைச் சட்டை இருக்கட்டும். அன்று பேத்தியின் கல்யாணத்துக்கு அவர் நீலச் சட்டைதான் போட்டுப் போனார் என்பதும் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.