மண்ணை உறையவைத்துக் கிணறு இறக்குதல்

கோடைக் காலத்தில் வைகையிலோ பாலாற்றிலோ ஊற்றுத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். முழங்கை ஆழம் வரையில் மணல் நாம் சொன்னபடி கேட்கும். நீர் தட்டுப்பட்டதும் கேட்க மறுத்துவிடும். ஒரு கை மணலை அள்ளினால், பக்கத்திலிருந்து இரண்டு கை மணல் நீரோடு கரைந்து வந்து குழியை நிரப்பும். குழியின் வாய் அகலுமே தவிர ஆழம் கூடாது. இதற்காகவே நம் முன்னோர் சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி உறைகிணறு அமைத்தார்கள்.

அந்த மணலே அறுபது மீட்டர் கனத்தில் நீர் நிறைந்து கிடக்கிறது என்று கொள்வோம். அதன் அடியில் நிலக்கரி இருக்கிறது. மனிதரும் பொறிகளும் இறங்க ஒரு சுரங்கக் கிணறு வேண்டும். நீரை இறைத்துவிட்டுத் தோண்டலாமே என்று விடுதியில் நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. இறைத்தால் நீரோடு மணலும் வரும், சுற்றுப்புறத் தரை இறங்கும், கிணறு நில்லாது. சுரங்கப் பொறியியல் பயிலும் நான் வகுப்பில் கேட்டு வியந்த விடை இதற்கு நேர்மாறானது. நீரை வெளியேற்ற வேண்டாம். இருந்த இடத்திலேயே அதைக் கல்லாக்கிவிடு என்பதே அவ்விடை.

ஜெர்மனி நாட்டில் ஹெர்மான் போயெட்ஷ் என்ற சுரங்கப் பொறியாளர் 1883ஆம் ஆண்டு இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திற்காக நீர் மணலில் கிணறு இறக்க அவர் இதைக் கையாண்டார். இன்று பொறிகள் மாறியிருக்கின்றன. முறையின் அடிப்படை மாறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். தோண்ட வேண்டிய கிணற்றின் குறுக்களவு 7.5 மீட்டர். அதைச் சுற்றி 11 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்தைத் தரையில் வரைகிறோம். அவ்வட்டத்தின்மேல் 1.15 மீட்டருக்கு ஒன்றாக முப்பது துளைகளை, மணலைக் கடந்து அடியிலுள்ள நீர் புகாத களிமண்ணுக்குள் சென்று பதியும்வரை இடுகிறோம். ஒவ்வொரு துளையிலும் அடி மூடிய இரும்புக் குழாய் ஒன்று இறங்கும். அதற்குள் அடி திறந்த சிறு குழாய் ஒன்று. கால்சியம் குளோரைடு கரைத்த உப்புநீரைப் பூச்சியத்துக்குக் கீழே 25 அல்லது 30 டிகிரி சென்டிகிரேடு வரை குளிரச் செய்து, சிறு குழாய் வழியே அடிவரை செலுத்துவார்கள். அது இரு குழாய்களுக்கும் இடையிலுள்ள சந்து வழியாக மேலேறும்போது மண்ணின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு குளிர்ப் பொறிக்குத் திரும்பும். அங்கே மீண்டும் குளிர்ந்து மறுபடி இறங்கும். இச்சுற்று இரவும் பகலும் நடக்க வேண்டும்.

ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் உறைந்த மண் ஒரு தூணாகப் பருக்கும். சில வாரங்களில் பக்கத்துத் தூண்கள் ஒன்றையொன்று தொட்டு இணையும். அவ்வாறு முப்பதும் இணைந்தால் வட்ட மதில் ஒன்று உருவாகிறது. பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரியில் உறைந்த மணல், தரம் குறைந்த கான்கிரீட்டைப் போன்ற வலிவுடையது. நீரும் அதனூடே புகாது.

இவ்வளவு காலம் பிடிப்பது ஏன்? ஒரு கன மீட்டர் மணலில் ஏறத்தாழ 350 கிலோ நீர் இருக்கும். அந்நீர் பூச்சியம் டிகிரியில் பனிக்கட்டியாக மாறுவதற்கு மட்டும் 28,000 கிலோ கலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். 10 டிகிரியிலுள்ள ஐரோப்பிய மண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர 7,000 போதும். 27 டிகிரியிலுள்ள நம் நாட்டு மண்ணுக்கோ அதுவே 19,000 ஆகிவிடும். வெப்ப நாட்டில் இவ்வேலை நடவாத வேலையன்று; ஆனால் செலவும் காலமும் கூடும்.

இனி இடர்களுக்கு வருவோம். முழு மதிலும் ஒரே நேரத்தில் தோற்பது அரிது. மதில் முழுவதும் பாறையாக இருந்து, எங்கோ ஓரிடத்தில் மட்டும் ஒரு சன்னல் திறந்திருப்பதே ஆபத்து. அறுபது மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு அறுபது டன். அச்சிறு சன்னல் வழியே நீர் மணலோடு பாய்ந்தால், பாயப் பாயச் சுற்றியுள்ள பனியையும் உருக்கிச் சன்னலைப் பெரிதாக்கிக்கொள்ளும்.

சன்னல் உண்டாகும் முதல் வழி துளை சாய்வது. அறுபது மீட்டருக்கு நூற்றில் ஒரு பங்கு சாய்ந்தால், அடியில் 60 சென்டிமீட்டர் விலகிவிடும். அடுத்தடுத்த இரு துளைகள் எதிரெதிர்த் திசைகளில் அவ்வாறு விலகினால், மேலே 1.15 மீட்டராக இருந்த இடைவெளி கீழே 2.35 மீட்டர். இடைவெளி இரட்டித்தால் உறைவதற்கு ஆகும் காலம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்கையும் தாண்டும். மற்ற இடங்கள் ஐந்து வாரத்தில் மூடிக்கொள்ள, அவ்விடம் ஐந்து மாதமும் திறந்திருக்கக் கூடும். ஆதலால் ஒவ்வொரு துளையின் சாய்வையும் அடிவரை அளந்து படம் வரைவார்கள். இடைவெளி மிகுந்த இடத்தில் இன்னொரு துளை இடுவார்கள்.

இரண்டாவது வழி நிலத்தடி நீரின் ஓட்டம். நின்ற நீர் உறையும். ஓடும் நீர் தொடர்ந்து வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டும். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் நீர் நகர்ந்தால், உப்புநீர்க் குளிரால் மதிலை மூடுவது பெரும்பாடு. இரு தூண்களும் நெருங்க நெருங்க நடுவிலுள்ள வழி குறுகும். குறுகிய வழியில் ஓட்டம் விரையும். ஓட்டம் விரைந்தால் உறைதல் நின்றுபோகும். பல வேளைகளில் குற்றவாளி, அருகில் யாரோ இறைக்கும் ஓர் ஆழ்கிணறாக இருக்கும். அதை நிறுத்தச் சொல்வதே முதல் மருந்து. அது முடியாவிட்டால் மணலில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி ஓட்டத்தைத் தணிப்பார்கள். அல்லது பூச்சியத்துக்குக் கீழே 196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனைக் கொண்டு உறையவைப்பார்கள். அதற்கும் தனி இடர் உண்டு. ஆவியாகும் நைட்ரஜன் குளிர்ந்து கனத்துக் குழியில் தேங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயு குறைந்தது தெரியாமலே மனிதன் மயங்கி விழுவான்.

மதில் மூடிவிட்டதை எப்படி அறிவது? கண்ணுக்குத் தெரியாத இம்மதிலைப் பற்றிச் சாட்சி சொல்வது கிணற்றின் நடுவே இடும் ஒரு துளை. நீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். மதில் பருக்கும்போது உறையாத நீரை உள்ளும் புறமும் தள்ளுகிறது. வழி திறந்திருக்கும்வரை உள்ளே தள்ளப்பட்ட நீர் வெளியே ஓடிவிடும். நடுத்துளையில் நீர்மட்டம் அசையாது. வட்டம் மூடிய அன்று உள்ளே அகப்பட்ட நீருக்குப் போக்கிடமில்லை. நடுத்துளையில் நீர் ஏறத் தொடங்கும். சில நாள்களில் வழியவும் வழியும். அந்நீரை இறைத்துவிட்டுக் காத்திருந்து, வற்றிய மட்டம் அப்படியே நின்றால் வட்டம் மூடிவிட்டது எனலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மணலுக்கு இடையே களிமண் அடுக்குகள் இருந்தால், மேல் அடுக்கு மூடியதைக் கண்டு கீழ் அடுக்கும் மூடிவிட்டது என்று நம்பக் கூடாது. ஒவ்வொரு நீர் அடுக்குக்கும் தனித்தனிச் சாட்சி வேண்டும். மேலும், நடுத்துளை மதில் மூடியதைச் சொல்லுமே தவிர அதன் கனத்தைச் சொல்லாது. கனத்தை அறிய, உறைகுழாய்களிலிருந்து சற்று விலகித் துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் மண்ணின் வெப்பநிலையை அளக்க வேண்டும்.

தோண்டத் தொடங்கிய பிறகும் கவலை தீர்வதில்லை. உறைந்த மண் வலியதாயினும், நாள்பட்ட பாரத்துக்கு மெல்ல வளைந்து கொடுக்கும். களிமண் இன்னும் அதிகமாக வளையும். தோண்டிய பக்கத்தைப் பல நாள் திறந்து போட்டால், மதில் உள்நோக்கி நகர்ந்து தன்னுள் இருக்கும் உறைகுழாய்களையும் வளைத்துவிடும். குழாயின் இணைப்பு ஒன்று பிளந்தால் உப்புநீர் மண்ணில் கசியும். உப்பு ஊறிய மண் அக்குளிரில் உறையாது. உறைந்திருந்த மண்ணும் அவ்விடத்தில் இளகும். மதிலைக் கட்டிய நீரே மதிலைத் துளைத்துவிடும்! உப்புநீர்த் தொட்டியின் மட்டம் காரணமின்றிக் குறைவதே இதன் அறிகுறி. உடனே ஒவ்வொரு குழாயிலும் போன நீரும் திரும்பிய நீரும் சமமா என்று பார்த்து, ஓட்டைக் குழாயை அடைத்துவிட வேண்டும். இதனால்தான் இரண்டு மூன்று மீட்டர் தோண்டியதும் நிறுத்தி, உடனே கான்கிரீட்டுச் சுவர் எழுப்பிய பிறகே மேலும் இறங்குகிறார்கள்.

அறிகுறியைக் கண்டும் வேலையை நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஷாங்காய் நகரம் சாட்சி. அங்கே நிலத்தடி ரெயிலின் நான்காவது பாதைக்காக, ஹுவாங்பு ஆற்றின் கரையருகே இரட்டைச் சுரங்கப் பாதைகள் அமைத்திருந்தார்கள். காற்றுப்போக்குக் கிணறு ஒன்றின் அடியில், அவ்விரு பாதைகளையும் இணைக்கும் குறுக்குவழியை மண்ணை உறையவைத்துத் தோண்டினார்கள். அழுத்தத்தோடு கூடிய நீர் நிறைந்த வண்டல் மணல் அது. 2003ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் குளிர்ப் பொறி பழுதுபட்டு மண்ணின் வெப்பநிலை ஏறியது. மதில் மீண்டும் இறுகுமுன் வேலை தொடர்ந்தது. ஜூலை முதல் நாள் விடியலில் சிறு கசிவாகத் தொடங்கியது, நீரும் மணலுமாகப் பாய்ந்தது. மேலே தரை புதைந்தது, கட்டடங்கள் சாய்ந்தன, சுரங்கப் பாதைகள் நொறுங்கின, ஆற்றின் வெள்ளத்தடுப்புக் கரையும் உடைந்தது. உள்ளிருந்தவர்கள் வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. பாய்ச்சலை நிறுத்த, வெளி அழுத்தத்துக்கு ஈடாகச் சுரங்கப் பாதைக்குள் தாமே நீரை நிரப்ப வேண்டியதாயிற்று.

பொறி நின்ற மாத்திரத்தில் மதில் உருகிவிடாது. கனத்த மதில் பல நாள் தாங்கும்; உருகவும் முன்சொன்ன 28,000 கிலோ கலோரி வந்து சேர வேண்டுமல்லவா? ஆனால் மெலிந்த இடம், அழுத்தமுள்ள நீர், திறந்த வாய் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே மாற்றுக் குளிர்ப் பொறியும் மாற்று மின்சாரமும் ஆயத்தமாக இருக்க வேண்டும். வெப்பநிலை ஏறினால், தோண்டிய வாயை அடைத்துவிட்டு, அது மீண்டும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கடைசி இடர், கிணறு முடிந்து குளிரை நிறுத்திய பின் வருவது. உறையும்போது மேலே உப்பிய மண், இளகும்போது முன்னிருந்த மட்டத்துக்கும் கீழே அமிழலாம். மணலில் இது சிறிது. வண்டலிலும் களிமண்ணிலும் மிகுதி. மதில் தாங்கிய நீரழுத்தம் முழுவதும் அப்போதுதான் முதன்முறையாகக் கான்கிரீட்டுச் சுவரின்மேல் வந்து சாயும். ஆகவே இளகி முடியும்வரை சுவருக்குப் பின்னே சிமெண்டுக் குழம்பை அடைத்துக்கொண்டே இருப்பார்கள். தரைமட்டத்தையும் மாதக் கணக்கில் அளப்பார்கள். உறைகுழாய்களைப் பிடுங்கி அத்துளைகளையும் அடிவரை அடைத்தாக வேண்டும். அவற்றில் ஒன்றை மறந்தாலும், மேல் நீர் அடுக்கிலிருந்து சுரங்கத்துக்கு நேர்வழி ஒன்றை நாமே வைத்துவிட்டு வந்தவர்கள் ஆவோம்.