கூரைக் கம்பியைச் சரிபார்ப்பது எப்படி?

கூரைக்குக் கான்கிரீட் போட்டு முடித்துவிட்டால், உள்ளே கிடக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியாது. பிழை இருந்தாலும் மறைந்துவிடும். ஆகவே, கான்கிரீட் போடுவதற்கு முதல் நாளே கம்பியைச் சரிபார்த்துவிட வேண்டும். அதற்கு என்ஜினீயர் கொடுத்த கம்பி வரைபடமும், ஒரு அளவு டேப்பும் போதும்.

ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். அகலம் 3 மீட்டர். நீளம் 4.5 மீட்டர். வரைபடத்தில் அகலவாட்டில் ஓடும் அடிக்கம்பியின் மேல் இப்படி எழுதியிருக்கிறது:

10Ø @ 150 c/c

நடு முதல் நடு வரை

கோடு போட்ட வட்டம் கம்பியின் குறுக்களவைக் குறிக்கும். அதாவது, 10 மில்லி மீட்டர் கம்பி. அடுத்த 150 என்பது கம்பிக்குக் கம்பி உள்ள தூரம். கடைசியில் உள்ள இரண்டு எழுத்துகளையும் பலர் கவனிப்பதில்லை. "ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடு வரை" என்பது அவற்றின் பொருள்.

அறையின் நீளம் 4,500 மி.மீ. அதை 150 ஆல் வகுத்தால் 30 இடைவெளி. இரு ஓரங்களிலும் கம்பி வருவதால் 31 கம்பி வேண்டும். கம்பிகளுக்கு இடையே உள்ள வெற்றிடமே 150 என்று நினைத்துக் கட்டினால், நடுவுக்கு நடு 160 ஆகிவிடும். 31 கம்பிக்குப் பதில் 29 தான் இருக்கும்!

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு கம்பியின் இடது ஓரத்தில் டேப்பை வைத்துப் பத்து இடைவெளி தள்ளி, அங்குள்ள கம்பியின் இடது ஓரம் வரை அளக்க வேண்டும். 1,500 மி.மீ. வந்தால் சரி.

கவர் 20

வரைபடத்தின் ஓரக் குறிப்பில் "கவர் 20" என்று இருக்கிறது. கான்கிரீட்டின் வெளி முகத்துக்கும் கம்பியின் வெளி ஓரத்துக்கும் நடுவே 20 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்று பொருள். பின்னால் பூசும் சிமெண்டுப் பூச்சு இந்தக் கணக்கில் சேராது.

இதற்காகத்தான் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கனமுள்ள கவர் கட்டைகளை வைக்கிறார்கள். கட்டை இல்லாமல் கம்பி சென்டிரிங் பலகையில் படிந்து கிடந்தால் ஆபத்து. ஈரம் சுலபமாக எட்டும். கம்பி துருப்பிடித்து உப்பும். சில ஆண்டுகளில் கூரையின் அடிப்பாகம் பெயர்ந்து விழும்.

ஒட்டு எவ்வளவு?

கம்பி நீளம் போதாவிட்டால், இரண்டு கம்பிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்துக் கட்டுவார்கள். அதன் நீளம் வரைபடத்தில் "50d" என்று இருக்கிறது. கம்பியின் குறுக்களவைப் போல் 50 மடங்கு என்பது பொருள். 10 மி.மீ. கம்பிக்கு 500 மி.மீ. ஒட்டு வேண்டும். 12 மி.மீ. கம்பிக்கு 600.

எல்லாக் கம்பிக்கும் ஒரே அடி ஒட்டு விடுவது சிலர் வழக்கம். ஒரு அடி என்பது 305 மி.மீ. தான். கட்டுக்கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் குறை தீராது. கட்டுக்கம்பி கம்பிகளை இடத்தில் நிறுத்துமே தவிர, பாரத்தைத் தாங்காது. ஒரு கம்பி இழுக்கும் இழுப்பு, சுற்றியுள்ள கான்கிரீட்டின் பிடிப்பு வழியாகத்தான் அடுத்த கம்பிக்குப் போகிறது. அந்தப் பிடிப்புக்கு நீளம் வேண்டும்.

ஒட்டுகள் எல்லாம் ஒரே வரிசையில் வரவும் கூடாது. மாறி மாறி வர வேண்டும்.

150, 20, 50 என்ற எண்கள் இந்த ஒரு கூரைக்கு உரியவை. வேறு வீட்டுக்கு வேறு எண் இருக்கும். அளந்தது வரைபடத்தோடு ஒத்துவராவிட்டால், என்ஜினீயர் வந்து பார்க்கும் வரை கான்கிரீட்டை நிறுத்தி வைப்பதே நல்லது.