மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம்

தமிழ்நாட்டில் 2010 முதல் பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. தென்காசி, குற்றாலம் பக்கத்துப் பள்ளிகளிலும் காலையில் அண்டாவில் அவித்த முட்டைதான் மதியம் தட்டுக்கு வருகிறது. சில நாள் அதைப் பிட்டால் ஒரு கெட்ட வாடை வீசும். மஞ்சள் கருவின் விளிம்பில் பச்சையும் சாம்பலும் கலந்த வளையம் தெரியும். கெட்டுப்போன முட்டை என்று நினைத்து ஒதுக்கிவிடுகிற பிள்ளைகள் உண்டு. பெரும்பாலும் அது கெட்ட முட்டை இல்லை. அளவு மீறி வெந்த முட்டை.

வெண்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். அதிலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிறது. பச்சை முட்டையில் புரத இழை சுருண்டிருப்பதால் அந்தக் கந்தகம் உள்ளே அடங்கிக் கிடக்கும். சூடேறினால் இழைகள் பிரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, வெண்கரு கெட்டியாகிறது. இதோடு வேலை முடிந்தது. அதற்கு மேலும் கொதிக்கவிட்டால் கந்தகம் பிய்ந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறும். மிகமிகக் குறைந்த அளவில் இருந்தாலும் நம் மூக்கு அதைப் பிடித்துவிடும்.

ஓட்டுப் பக்கம் சூடாகவும் நடுப்பகுதி சூடு குறைவாகவும் இருப்பதால் வாயுவில் ஒரு பங்கு உள்நோக்கிப் போகிறது. ஒரு முட்டையில் இரும்பு ஏறக்குறைய 1 மில்லிகிராம். கிட்டத்தட்ட முழுவதும் மஞ்சள் கருவில், பாஸ்விட்டின் என்ற புரதத்தின் பிடியில் இருக்கிறது. வாயு மஞ்சள் கருவைத் தொடும் இடத்திலேயே இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடாகிறது. அது கறுப்பு. மஞ்சள் மேல் மெல்லப் படிவதால் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. தின்றால் கெடுதல் இல்லை, புரதமும் வீணாகவில்லை. இரும்புச் சத்துக்கும் பெரிய நஷ்டமில்லை. பாஸ்விட்டின் இறுகப் பிடித்திருப்பதால் முட்டையின் இரும்பு முன்பே உடலில் குறைவாகத்தான் சேர்கிறது.

முட்டையின் வயதும் இதில் சேரும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளை வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, வெண்கருவின் காரத்தன்மை கூடுகிறது. pH சுமார் 7.6-இலிருந்து 9-க்கு மேல் போகும். காரம் கூடினால் கந்தகம் சீக்கிரம் கழன்றுவிடும். வெயில் காலத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆனால் ஓடு சுலபமாக உரிவதும் பழைய முட்டையில்தான் என்பதால், சமையலறையில் அதைத் தள்ளிவிடவும் முடியாது.

அண்டாவில்தான் சிக்கல் பெரிது. அடுப்பை அணைத்த பிறகும் அவ்வளவு தண்ணீர் வெகுநேரம் சூடாகவே இருக்கும். முட்டை உள்ளே வெந்துகொண்டே கிடக்கும். கொதி வந்த பின் 10, 12 நிமிடத்தில் முட்டைகளை அள்ளி, குளிர்ந்த தண்ணீருள்ள வாளியில் போட வேண்டும். வாளித் தண்ணீர் சூடேறியதும் மாற்ற வேண்டும். ஓட்டுப் பக்கம் சட்டென்று குளிர்ந்தால் வாயு மஞ்சள் கருவை விட்டு வெளிப்பக்கம் திரும்பும். வளையம் வராது, வந்தாலும் மங்கலாக இருக்கும். சாரல் காலத்தில் குழாய்த் தண்ணீரே போதும்.

உண்மையாகவே அழுகிய முட்டையிலும் இதே வாயுதான், ஆனால் அங்கே அதை உண்டாக்குவது பாக்டீரியா. பச்சையாக உடைக்கும்போதே நாற்றம் முகத்தில் அடிக்கும். மஞ்சள் கருவும் வெண்கருவும் கலங்கி நிறம் மாறியிருக்கும். அதைக் கொட்டிவிட வேண்டும். வளையம் மட்டும் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.