கடல்கடந்த பயணமும் ஏகாதசி நோன்பும்

நாவுலையில் வாழ்வோர் ஊரைவிட்டு அகலாமலே கடிகாரம் மாறக் கண்டவர்கள். 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் பழைய நேரம் மீண்டது. அக்காலத்தில் பஞ்சாங்கம் பார்த்தோர் அதிலுள்ள திதிநேரத்தைப் புதிய கடிகாரத்துக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ வாசிக்க நேர்ந்தது. ஆயினும் நோன்புநாள் மாறவில்லை. ஞாயிறு எழும் வேளையும் திதி முடியும் வேளையும் ஒருங்கே நகர்ந்தமையே அதன் காரணம். விமானமேறி அயல்நாடு செல்பவனுக்கோ இவ்விரண்டும் ஒருங்கே நகர்வதில்லை. அதனால் நோன்பிலும் உணவிலும் விளையும் இடர்ப்பாட்டையும் அதனைத் தீர்க்கும் வழியையும் ஈண்டு ஆராய்வோம்.

திதி என்பது ஞாயிற்றிலிருந்து திங்கள் பன்னிரண்டு பாகை விலகிச் செல்லும் காலம். அது ஏறத்தாழ 20 மணித்தியாலம் முதல் 27 மணித்தியாலம் வரை நீடிக்கும். அது தொடங்குவதும் முடிவதும் உலகமெங்கணும் ஒரே கணத்தில் நிகழ்வன. ஆயின் ஏகாதசி நோன்பு எந்நாளுக்கு உரியது என்பதைத் தீர்மானிப்பது, அவ்வவ்விடத்துச் சூரியோதய வேளையில் நிற்கும் திதியே. சூரியோதயமோ இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே ஒரே ஏகாதசி இரு நாடுகளில் இரு கிழமைகளில் அனுட்டிக்கப்படுதல் பிழையன்று. கணக்கின் இயல்பே அது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். மார்கழி மாதத்து வியாழக்கிழமை காலை 9 மணிக்கு, இலங்கை நேரப்படி, ஏகாதசி தொடங்கி வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு முடிகின்றது எனக் கொள்வோம். நாவுலையில் வெள்ளிக்கிழமை சூரியோதயத்தின்போது ஏகாதசி நிற்பதால் நோன்பு வெள்ளிக்கிழமைக்கு உரியது. பனிக்காலத்தில் இலண்டன் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. ஆங்கு அதே திதி வியாழன் அதிகாலை 3.30க்குத் தொடங்கி வெள்ளி அதிகாலை 2.30க்கு முடிந்துவிடும். எனவே அவ்வூரார் வியாழனன்றே நோன்பிருப்பர். நாவுலைப் பஞ்சாங்கத்தைக் கையிற் கொண்டுபோய் வெள்ளியன்று இலண்டனில் நோன்பிருப்பவன், அங்கே துவாதசி நாளில், பாரணை செய்தற்குரிய வேளையில், பட்டினி கிடந்தவனாவான்.

இனிப் பயணிகள் இருவரை நோக்குவோம். முதல்வர் வியாழன் நண்பகல் ஒரு மணிக்குக் கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 11 மணித்தியாலம் பறந்து, அன்று மாலை 6.30க்கு இலண்டன் சேர்கின்றார். வியாழன் காலை நாவுலையில் அவர் கண்ட சூரியோதயம் தசமிக்கு உரியது. வெள்ளி காலை இலண்டனில் அவர் காண்பது துவாதசிக்கு உரியது. ஏகாதசிச் சூரியோதயம் ஒன்றையேனும் அவர் காணவில்லை.

மற்றவர் வியாழன் இரவு 9 மணிக்கு இலண்டனை விட்டு வெள்ளி நண்பகல் ஒரு மணியளவில் கட்டுநாயக்காவில் இறங்குகின்றார். வியாழனன்று இலண்டனில் அவர் முறைப்படி நோன்பிருந்தவர். வீட்டார்க்கோ வெள்ளிக்கிழமையே நோன்பு. அவர்களோடு சேர்ந்து சனி காலை வரை இருப்பாராயின், புதன் இரவு எட்டு மணிக்கு உண்ட கடைசி உணவிலிருந்து 52 மணித்தியாலத்துக்கு மேல் உண்ணாதிருப்பார். மேற்கே செல்பவர்க்கு நோன்பு நழுவுகின்றது. கிழக்கே வருபவர்க்கு அது இரட்டிக்கின்றது.

ஒரு திதிக்கு ஒரு நோன்பே என்பதைக் கொள்வோமாயின் இரண்டும் தீரும். மேற்கே செல்பவர் வியாழன் காலை 9 மணிக்கு முன், தசமி நிற்கும்போதே, எளிய உணவு கொண்டு, அதன்பின் நோன்பேற்று, வெள்ளி காலை இலண்டனில் சூரியோதயத்தின்பின், ஏறத்தாழ 8 மணிக்குப் பாரணை செய்யலாம். இது 28½ மணித்தியாலம். திதி முழுவதும் இதனுள் அடங்கிவிடும். கிழக்கே வருபவர் தாம் நோன்பு தொடங்கிய இலண்டனின் கணக்கையே முடிவுக்கும் கொள்ளுதல் தகும். அங்கே வெள்ளி காலை 8 மணி என்பது இங்கே பிற்பகல் 1.30. அவ்வேளையில் ஈரிடத்தும் துவாதசியே நிற்கின்றது. ஆகவே நாவுலை செல்லும் வழியிலேயே அவர் பாரணை செய்துவிடலாம். மொத்தம் 36 மணித்தியாலம். வழக்கமான முழு நோன்பின் அளவும் அதுவே. வீட்டில் எல்லோரும் நோன்பிருக்கத் தாம் மட்டும் உண்ண மனம் கூசுமாயின், முதல்நாளே தமது நோன்பு நிறைந்தமையை வீட்டார்க்கு உரைப்பது போதும். சம்பிரதாய வேறுபாடு உடையோர் புறப்படுமுன் தம் குருக்களிடம் கேட்டுத் தெளிக. பிரதோடத்துக்கு மாலைவேளையும் சிவராத்திரிக்கு நள்ளிரவும் அளவாதலின், அவற்றுக்கும் அவ்விடத்து அவ்வேளையைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும்.

உடலின் கணக்கு வேறு. மூளையிலுள்ள தலைமைக் கடிகாரம் பெரும்பாலும் ஒளியால் திருத்தப்படுவது. ஈரல் முதலிய உறுப்புகளின் கடிகாரங்களோ உணவு வேளையால் நகர்வன. 2017இல் இங்கிலாந்தின் சறே பல்கலைக்கழக ஆய்வாளர், நலமுள்ள இளைஞர் பதின்மருக்கு மூவேளை உணவையும் ஐந்து மணித்தியாலம் பிந்தி அளித்தனர். ஆறு நாட்களில் இரத்தச் சர்க்கரையின் நாளோட்டம் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியது. தலைமைக் கடிகாரத்தின் அடையாளங்களோ நகரவில்லை. ஒளியொன்றால் எல்லாம் சீராகிவிடும் எனக் கருதுதல் பிழை என்பதும், உணவொன்றே போதும் எனக் கருதுதலும் பிழை என்பதும் இதனாற் பெறப்படும்.

இலண்டனில் இறங்கும் மாலை 6.30 உடலுக்கு நள்ளிரவு. நோன்பில்லாத நாளாயினும் அப்போது வயிறார உண்ணலாகாது, சிறிதளவே போதும். அதிகாலை இரண்டு மூன்று மணிக்குப் பசித்து விழிப்பு வரும். நாவுலையில் அது காலை உணவு வேளை. அப்போது முழு உணவு கொண்டால் உடல் பழைய ஊரிலேயே நின்றுவிடும். நோன்பில்லாதவர் நீரோ ஒரு வாழைப்பழமோ கொண்டு பொறுத்திருந்து, விடிந்தபின் வெளிச்சத்தில் முதல் முழு உணவை உண்ணுக. ஏறத்தாழ நான்கைந்து நாட்களில் பசி ஊர்வேளைக்கு வந்துவிடும். கிழக்கே வந்தால் இன்னும் சற்றுத் தாமதமாகும். உடற்கடிகாரத்தைப் பிந்தச் செய்வதினும் முந்தச் செய்வது கடினம்.

நோன்பாளர் ஒன்றில் கருத்தாயிருத்தல் வேண்டும். விமானத்தினுள் காற்று மிக வறண்டது; எனவே நீரும் அருந்தாத நோன்பைப் பறக்கும் நாளில் ஏற்றல் தகாது. சிறுநீர் கடுமஞ்சளாகி அளவு குறைதலும், எழும்போது தலை சுற்றுதலும் நீர்க்குறைவின் அறிகுறிகள். நீர் அருந்தியும் தலைசுற்று நீங்காவிடின் நோன்பை நிறுத்துதலே முறை. நாள்தோறும் தேநீர் அருந்திப் பழகியவர்க்கு வரும் தலைவலி பசியால் மட்டுமே வந்ததாகாது. தேநீர் நின்றமையாலும் அது வரும். அன்னோர் புறப்படுதற்கு ஒரு வாரம் முன்பே தேநீரைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுதல் நன்று. இங்குக் கூறியன நலமுள்ள வளர்ந்தோர்க்கே உரியன. நீரிழிவுக்கு மருந்து கொள்வோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாது இதனைப் பின்பற்றலாகாது.

பாரணைக்குக் கஞ்சியும் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் நம் முன்னோர் வகுத்தவை. வெறுவயிற்றுக்கு மென்மையான அவ்வுணவை, புதிய ஊரின் விடியலில், அளவாகக் கொள்பவர் நோன்பையும் முறைப்படி முடிக்கின்றார். தம் உடலுக்கும் அவ்வூரின் காலை இதுவென அறிவிக்கின்றார்.